கான்ட்ராக்டர் மாறுகிறார்... வேலை மாறவில்லை! பணி நிரந்தரம் கேட்பது எப்படி?

கோவை புறநகரில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அதன் அசெம்பிளி பிரிவில் ஒரு பெண் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். சேர்ந்த நாளில் எந்த மேஜையில் நின்று மோட்டாரைப் பொருத்தினாரோ, இன்றும் அதே மேஜைதான். பக்கத்து மேஜையில் நிற்பவர் நிரந்தரத் தொழிலாளி. இருவருக்கும் ஒரே வேலை, ஒரே சூப்பர்வைசர். சம்பளத்தில் மட்டும் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

இந்த 11 ஆண்டுகளில் அவருடைய கான்ட்ராக்டர் நான்கு முறை மாறிவிட்டார். அவர்களில் இரண்டு பேரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் புது அடையாள அட்டை வரும், ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்குவார்கள், மறுநாள் அதே மேஜைக்குப் போய்விடுவார்.

"இத்தனை வருஷம் ஆச்சே, கம்பெனியில எடுத்துக்கணும்னு சட்டம் இருக்காமே?" என்று அவர் கேட்டால், என்ன பதில் சொல்வது? சட்டம் இருக்கிறது. ஆனால், வருடக் கணக்கை மட்டும் காட்டி அதை வாங்கிவிட முடியாது.

480 நாள் கணக்கு

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். தொழில் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் அது. 24 மாதங்களுக்குள் 480 நாள்கள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மாதத்துக்குச் சராசரியாக 20 நாள் வேலை பார்த்தாலே இந்தக் கணக்கு வந்துவிடும். உடல்நலக் குறைவு, அனுமதி பெற்ற விடுப்பு, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோன நாள்கள் ஆகியவற்றால் பணித் தொடர்ச்சி அறுந்துவிடாது. எனவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் 'பிரேக்' கொடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் இயங்கும் நிறுவனங்களுக்கும், கட்டுமான வேலைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

நம் பம்ப் கம்பெனிப் பெண்மணி 480 நாளை எப்போதோ தாண்டிவிட்டார். ஆனால், அவர் கேட்டவுடன் நிர்வாகத்திடமிருந்து வரும் முதல் பதில் இப்படித்தான் இருக்கும்: 'அவர் எங்கள் தொழிலாளியே இல்லை. கான்ட்ராக்டரின் ஆள்.' இந்த ஒரு வரியில்தான் பெரும்பாலான வழக்குகள் சிக்கிக்கொள்கின்றன. அதனால், எத்தனை நாள் என்பதற்கு முன்பே, யாருக்குக் கீழ் என்பதை நிரூபித்தாக வேண்டும்.

உண்மையான முதலாளி யார்?

ஒரு காலத்தில் இது இவ்வளவு சிக்கலாக இல்லை. குறிப்பிட்ட வேலையில் ஒப்பந்த முறையை அரசு தடை செய்தால், அங்கே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தானாகவே முதன்மை வேலையளிப்பவரின், அதாவது கம்பெனியின், தொழிலாளர்கள் ஆகிவிடுவார்கள் என்று 1996-ல் ஏர் இந்தியா தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001 ஆகஸ்ட் 30 அன்று 'செயில்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. தானாகப் பணியில் சேர்த்துக்கொள்வது என்ற பேச்சுக்கு இடமில்லை என்றது.

அதே தீர்ப்பு இன்னொரு கதவைத் திறந்து வைத்தது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு, கான்ட்ராக்டர் பெயருக்கு மட்டும் நடுவில் நிற்கிறார் என்று நிரூபித்தால், அந்தத் தொழிலாளர்கள் முதலிலிருந்தே கம்பெனியின் தொழிலாளர்கள்தான். இதை முடிவு செய்ய வேண்டிய இடம் தொழில் தீர்ப்பாயம்.

கண்துடைப்பு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான கேள்விகளைச் சுட்டிக்காட்டியது. சம்பளம் உண்மையில் யார் கொடுப்பது? வேலையைக் கட்டுப்படுத்தி மேற்பார்வை செய்வது யார்? 2014-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, வேலைக்கு எடுப்பது யார், நீக்கும் அதிகாரம் யாருக்கு, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், பணித் தொடர்ச்சி இருக்கிறதா என்பவற்றையும் சேர்த்துக்கொண்டது.

நம் உதாரணத்தில் பொருத்திப் பாருங்கள். சம்பளம் கான்ட்ராக்டரின் வங்கிக் கணக்கிலிருந்து வருகிறது. இது கம்பெனிக்குச் சாதகம். ஆனால், ஷிஃப்ட் போடுவது கம்பெனியின் சூப்பர்வைசர். லீவு கேட்டு வாட்ஸ்அப் அனுப்புவது அவருக்குத்தான். ஒரு நாளைக்கு எத்தனை மோட்டார் என்று இலக்கு வைப்பதும், தவறு நடந்தால் கூப்பிட்டுக் கண்டிப்பதும் அவர்தான். கருவிகள் கம்பெனியுடையவை. கான்ட்ராக்டர் மாறினாலும் ஆள் மாறவில்லை. இவை எல்லாம் தொழிலாளி பக்கம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று கம்பெனி சொல்வது மட்டும் போதாது. அது எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக்கூடியது என்றும் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. லீவு, தண்டனை, நீக்கம், பணித் தொடர்ச்சி ஆகிய விஷயங்களில் கம்பெனியின் கை தெரிய வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கின்றன. முதலாவது, அது நிறுவனத்தின் மையப் பணியா? பம்ப் கம்பெனிக்கு பம்ப் அசெம்பிளி மையப் பணி. அதில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்பதே பொது விதி. கேன்டீன், துப்புரவு, காவல், சரக்கு ஏற்றி இறக்குவது போன்றவை மையப் பணியில் சேராது. திடீரென ஆர்டர் கூடியது போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கும் உண்டு. இரண்டாவது, கான்ட்ராக்டரிடம் லைசென்ஸ் இருக்கிறதா? லைசென்ஸ் எடுக்க வேண்டியவர் எடுக்காமல் ஆள் வைத்திருந்தால், அந்தத் தொழிலாளர்கள் கம்பெனியால் நியமிக்கப்பட்டவர்களாகவே கருதப்படுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த இந்த விதிகள் 50 பேருக்குக் குறையாமல் ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்குத்தான்.

ஆதாரம்... உள்ளே இருக்கும்போதே!

வேலையை விட்டு நிறுத்திய பிறகு ஆதாரம் தேடினால், கேட்டுக்கு வெளியே நின்றுதான் தேட வேண்டியிருக்கும். எனவே, வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டும்.

முதல் ஆதாரம் உங்கள் போனிலேயே இருக்கிறது. பி.எஃப். பாஸ்புக்கில் ஒரே UAN-க்குக் கீழ் நான்கு கான்ட்ராக்டர்களின் பெயரும், ஒவ்வொன்றும் தொடங்கிய, முடிந்த மாதமும் வரிசையாக இருக்கும். ஒன்று முடிந்த மறுமாதமே அடுத்தது தொடங்கியிருந்தால், கான்ட்ராக்டர்கள் மாறியும் ஆள் மாறவில்லை என்பதை அது அழகாகக் காட்டிவிடும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை அடுத்தவை.

கட்டுப்பாட்டைக் காட்டும் ஆதாரம்தான் அபூர்வம். சூப்பர்வைசருடன் நடந்த லீவு தொடர்பான வாட்ஸ்அப் உரையாடல், அவர் கையெழுத்திட்ட ஓவர்டைம் சீட்டு, கம்பெனி பெயரில் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ், கேட் பாஸ், விபத்து நடந்தபோது எழுதிய அறிக்கை ஆகியவை பெரிதாக உதவும். கம்பெனியின் ரகசிய ஆவணங்களை எடுத்து வரக் கூடாது. அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். அட்டெண்டன்ஸ், ஷிஃப்ட் பட்டியல், கேட் ரிஜிஸ்டர் போன்றவற்றை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அவை இருந்தும் மறைத்தால், அது நிறுவனத்துக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

எங்கே போவது?

வேலைநீக்கம் என்றால் ஒருவர் தனியாகவே வழக்கு நடத்தலாம். பணி நிரந்தரம் அப்படி இல்லை. தொழிற்சங்கமோ, கணிசமான எண்ணிக்கையில் சக தொழிலாளர்களோ சேர்ந்து எழுப்பினால்தான் அது தொழில் தகராறாக ஏற்கப்படும். தனி ஆளாகப் போய்த் திரும்பி வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

முதலில், கோரிக்கைக் கடிதத்தை கம்பெனி, கான்ட்ராக்டர் இருவருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். 'ஒப்பந்தம் கண்துடைப்பு, முதல் நாளிலிருந்தே நாங்கள் கம்பெனியின் தொழிலாளர்கள் என்று ஏற்று நிரந்தரமாக்குங்கள்' என்பதுதான் கோரிக்கை. 'எங்கள் முதலாளியான கான்ட்ராக்டர்' என்று ஓரிடத்தில் எழுதிவிட்டால், பிறகு அந்த வரியே எதிர்த்தரப்பின் ஆதாரமாகிவிடும்.

பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு கொடுக்கலாம். ரயில்வே, வங்கி, சுரங்கம் போன்றவற்றில் வேலை பார்ப்பவர்கள் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். புதிய சட்டப்படி சமரசத்தை 45 நாள்களில் முடிக்க வேண்டும். முடிவு வராவிட்டால், அறிக்கை கிடைத்த 90 நாள்களுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு போல் அரசு அனுப்பி வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சமரசம் நடக்கும்போது, தகராறில் உள்ள விஷயத்தில் வேலை நிலைமையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்ற வார்த்தை கான்ட்ராக்டரிடமிருந்து வரலாம். அன்றைக்கே அதே அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். 'நானாகவே விலகுகிறேன், கணக்கு முடித்துக்கொண்டேன்' என்ற பேப்பரில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 11 ஆண்டுப் பணித் தொடர்ச்சியை அந்த ஒரு கையெழுத்து அறுத்துவிடக்கூடும்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஓ.என்.ஜி.சி.யின் காவிரித் திட்டத்தில் காவல் பணி செய்தவர்கள் முதலில் கான்ட்ராக்டர் மூலம், பிறகு கூட்டுறவுச் சங்கம் மூலம், அதன் பிறகு குறிப்பிட்ட காலத்துக்கான நியமனம் என்று அமர்த்தப்பட்டவர்கள். அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி சென்னை தொழில் தீர்ப்பாயம் 1999-ல் தீர்ப்பளித்தது. அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2015-ல். ஜெயித்த பிறகும் 16 ஆண்டுகள்!

அதனால்தான் அனுபவமுள்ள சங்கங்கள் வழக்கைத் தொடர்ந்துகொண்டே, பேச்சுவார்த்தை மேஜையையும் விடுவதில்லை. பணிமூப்பு அடிப்படையில் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒப்பந்தம் போட்டு உள்ளே போனவர்களும் உண்டு. அந்த மேஜையில் உட்காரும்போது, ஆதாரம் பலமாக இருப்பவர்களின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

பம்ப் கம்பெனிப் பெண்மணி இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, நான்கு கான்ட்ராக்டர்களின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுத வேண்டும். நாளை, பக்கத்து மேஜைத் தோழியையும் அதேபோல எழுதச் சொல்ல வேண்டும். பத்துத் தாள்கள் சேர்ந்துவிட்டால், தொழிற்சங்க அலுவலகத்துக்கு ஒன்றாகவே போய்விடலாம்.