விலை எழுதாத மாம்பழப் பெட்டி



சந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பை செந்தூரா, இன்னொரு கையில் போன். வீட்டில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. தோப்பில் பாதி பெங்களூரா. அது கூழ் ஆலைக்குப் போய்விடும். மீதி செந்தூராவை இந்த வருஷம் பெட்டி போட்டு, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, ஓசூருக்கும் எல்லை தாண்டிப் பெங்களூருக்கும் நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கிறார். "படத்துக்கு நல்ல வரவேற்புங்க, ஆனா விற்பனை இல்ல. என்ன தப்புன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். அழகான படம். வைக்கோல் மேல் அடுக்கிய பழம், காம்புப் பக்கம் சிவப்பு ஏறி, மேலே லேசாக வெயில். அதன் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எங்கள் தோட்டத்து செந்தூரா. இயற்கையாகப் பழுக்க வைத்தது. விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." அதற்கும் கீழே கமெண்டுகள் வரிசையாக நின்றன. "பிரைஸ் ப்ளீஸ்." "பிரைஸ் ப்ளீஸ்." "எஷ்டு?" "ரேட் எந்தா?" "கித்னா பாய்?" தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் இது புதிதில்லை. சிப்காட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகிறவர் ஒரு மொழியில் கேட்கிறார், அத்திபெலே அடுக்குமாடியில் இருப்பவர் இன்னொரு மொழியில் கேட்கிறார். கேள்வி எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் நம் வாசகி ஒரே பதிலைப் போட்டிருந்தார்: "இன்பாக்ஸ் பாருங்க."

இருவரும் உட்கார்ந்து அந்த வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விலை கேட்ட பலரும் அவர் அனுப்பிய செய்தியைத் திறக்கவே இல்லை. ஏன் என்று பார்த்தால் காரணம் எளிது. நம்மைப் பின்தொடராத ஒருவருக்கு நாம் அனுப்பும் செய்தி அவருடைய வழக்கமான இன்பாக்ஸில் போய் நிற்காமல், வேண்டுகோள் என்ற தனி அறையில் ஒதுங்கிவிடக்கூடும். அங்கே போய்ப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. திறந்து பார்த்தவர்களிலும் சிலர் இரவு பத்து மணிக்குக் கேட்டிருக்கிறார்கள், காலை ஏழு மணிக்குப் பதில் போயிருக்கிறது. அதற்குள் பழ ஆசை வேறு கடையில் தீர்ந்திருக்கும்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. விலை கேட்ட ஒருவருக்கு, அதே படத்தை முகப்பில் வைத்த வேறொரு கணக்கிலிருந்து "பாதித் தொகை யு.பி.ஐ.யில் போடுங்கள், பெட்டி நாளை வரும்" என்று செய்தி போயிருக்கிறது. நல்லவேளை, அவர் சந்தேகப்பட்டு நம் வாசகிக்கே போன் செய்துவிட்டார். விலை கேட்டு நிற்பவர்களின் பெயர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வரிசையாக இருக்கின்றன; உண்மையான விற்பவரோ உள்ளே வரச் சொல்கிறார். இடையில் புகுந்து "நான்தான் விற்பவர்" என்று சொல்ல ஒரு மோசடிக்காரருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. விலை வெளியே எழுதியிருந்தால், வேறு தொகை சொல்கிற ஆளை வாங்குபவரே கண்டுபிடித்துவிடுவார்.

"சரி, ஏன் விலை எழுதல?" என்று கேட்டேன். "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பார்த்துட்டு பத்து ரூபா குறைச்சுப் போடுவாங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "அதோட, விலையைப் பார்த்ததும் ஓடிடுவாங்களோன்னு பயம்" என்றார். முதல் காரணத்தில் பலமில்லை. விலை தெரிய வேண்டும் என்று நினைக்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரர் தானும் "பிரைஸ் ப்ளீஸ்" என்று போட்டுத் தெரிந்துகொள்வார். இரண்டாவது பயம் உண்மையானது. ஆனால் விலை கட்டுப்படியாகாதவர் இன்பாக்ஸுக்கு வந்த பிறகும் ஓடத்தான் போகிறார். அதற்குள் நம்முடைய ஒரு பதிலும் அவருடைய கொஞ்சம் நேரமும் வீணாகியிருக்கும்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எழுதும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. படத்தின் கீழே எழுதும் கேப்ஷன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நிற்கும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும். கமெண்டில் போடும் பதில் அடுத்த இருபது கமெண்டுக்கு அடியில் புதைந்துவிடும். விலைக்கும் அப்படி ஓர் ஆயுள் உண்டு. இரண்டும் எங்கே பொருந்துகிறதோ அங்கே விலையை எழுத வேண்டும்.

செந்தூராப் பெட்டியின் விலை இரண்டு மூன்று வாரம் மாறாமல் நிற்கக்கூடியது. ஆகவே அது கேப்ஷனுக்கு உரியது. அவருடைய கணக்கை ஒரு காகிதத்தில் போட்டோம். 5 கிலோ பழம் 350 ரூபாய். அட்டைப்பெட்டி, காகிதம், வைக்கோல் 55. வழியில் அடிபடும் பழத்துக்கு ஈடாக 35. அவருக்கு நிற்க வேண்டியது 100. ஆக 540. ஓசூருக்குள் கொண்டுபோய்க் கொடுக்க 60, பெங்களூருக்கு 130. அப்படியானால் ஓசூரில் 600, பெங்களூரில் 670.

இதுவரை இன்பாக்ஸில் அவர் சொல்லிவந்தது "540 பிளஸ் டெலிவரி". இந்த "பிளஸ்" தான் பேச்சை நீட்டியிருக்கிறது. டெலிவரி எவ்வளவு, எங்களூருக்கு எவ்வளவு, இரண்டு பெட்டி எடுத்தால் எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் நாலைந்து தடவை பதில் எழுதியிருக்கிறார். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதில் டெலிவரி போன்ற கட்டணம் எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. பெரிய வணிகத் தளங்களை மனதில் வைத்து எழுதியதாகத் தோன்றினாலும், சந்தூர் பெட்டிக்கும் அந்த முறைதான் வாங்குபவரின் கேள்வியை அடக்குகிறது.

மலேசியாவில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. அங்கே ஆன்லைனில் விற்பவர்கள் விலையை மறைத்து "பி.எம். தெப்பி" என்று எழுதுவார்கள், ஓரமாக வந்து தனிச்செய்தியில் கேளுங்கள் என்பது பொருள். அந்த நாட்டின் 2012ஆம் ஆண்டு மின் வணிக ஒழுங்குமுறை, போக்குவரத்து, வரி எல்லாம் சேர்த்த முழு விலையையும் விற்பவர் வெளியிட வேண்டும் என்று சொன்னது. "பி.எம். தெப்பி" ஒரு வேடிக்கைச் சொல்லாகவே அங்கே ஊறிவிட்டது என்றால், விலை கேட்டு உள்ளே போவதில் வாங்குபவர்கள் எவ்வளவு சலித்திருப்பார்கள்!

கேப்ஷனில் விலை எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். நீளமான கேப்ஷனை இன்ஸ்டாகிராம் மடித்துவிடும். முதல் ஒன்றிரண்டு வரி மட்டும்தான் தட்டாமலே கண்ணில் படும். தோட்டத்தின் கதையை மேலே எழுதி விலையைக் கடைசியில் போட்டால், அதை எழுதாததற்குச் சமம். நாங்கள் மாற்றி எழுதியது இப்படி:

"செந்தூரா 5 கிலோ பெட்டி ₹600, ஓசூர் டெலிவரி சேர்த்து. பெங்களூரு ₹670. ஜூன் 15 வரை இந்த விலை."

தோட்டத்தின் கதை அதற்குக் கீழே. பழத்தின் பெயர், எடை, ஊர், டெலிவரி, தேதி எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. எடை இல்லாத விலை விலையே ஆகாது. "பெட்டி 600" என்றால் ஒருவர் மனதில் 10 கிலோ, இன்னொருவர் மனதில் 3 கிலோ. தேதியை விட்டால், ஆடியில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து "நீங்கதானே 600 போட்டீங்க" என்று நிற்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும். எண்ணில் எழுதியதால் இன்னொரு நன்மை: தமிழ் படிக்கத் தெரியாத கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் 5, 600 என்பது புரிந்துவிடுகிறது. படத்தின் மேலேயே விலையைப் பொறிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேப்ஷனைத் திருத்தலாம், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் படத்தைத் திருத்த முடியாது.

இவ்வளவு எழுதியும் "பிரைஸ் ப்ளீஸ்" வரும். படத்தை மட்டும் பார்ப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. "கேப்ஷன் பார்க்கவும்" என்று எழுதினால் அதட்டுவது போல் ஒலிக்கும். "5 கிலோ ₹600ங்க, ஓசூர் டெலிவரி சேர்த்து. எந்த ஏரியா நீங்க?" என்று எல்லோர் முன்னாலும் தொகையையே சொல்லி, ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள். அவர் பதில் எழுதினால் அது பாதி ஆர்டர். இப்படிப் பதில் சொன்ன கமெண்டுகளில் ஒன்றைப் பின் செய்து மேலே நிறுத்தினால் அடுத்து வருபவருக்கு உதவும். விலை மாறும் நாளில் கேப்ஷனோடு அந்தப் பின் செய்த கமெண்டையும் எடுத்துவிட மறக்காதீர்கள். மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை நிற்பதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை. முகவரி, போன் நம்பர் வாங்கும்போது மட்டும் உள்ளே போங்கள். அதற்குத்தான் இன்பாக்ஸ்.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. ஓசூர் ரோஜாவின் விலை முகூர்த்த நாளில் ஒன்று, ஆடியில் ஒன்று, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் முற்றிலும் வேறு. 20 பூக் கட்டின் இன்றைய விலையைக் கேப்ஷனில் எழுதினால் நாளைக்கே அது பொய். பூக்காரர்கள் அதை ஸ்டோரியிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ காலையில் போட வேண்டும். மறுநாள் தானே மறைந்துவிடும். கேப்ஷனில் "இன்றைய விலை தினமும் காலை ஸ்டோரியில்" என்று இருந்தால் போதும். சிப்காட் ஓரத்தில் சி.என்.சி. ஜாப் வொர்க் செய்யும் தம்பிகள் சிலர் தங்கள் வேலையை ரீலாகப் போடுகிறார்கள், அதன் கீழும் "ரேட் என்ன?" வருகிறது. டிராயிங் பார்க்காமல் அவர்களால் ரேட் சொல்ல முடியாது. அங்கே கேப்ஷனில் எழுத வேண்டியது, ரேட் சொல்ல என்னென்ன தேவை என்பதை: டிராயிங், மெட்டீரியல், எண்ணிக்கை, எப்போது வேண்டும். கூடவே, வாடிக்கையாளர் சம்மதத்தோடு, முன்பு முடித்த ஒரு வேலையின் விவரமும் அதற்கு வாங்கிய தொகையும் இருந்தால் கேட்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கிளம்பும்போது நம் வாசகி சொன்னது மனதில் நிற்கிறது. "கூழ் ஆலைக்கு லோடு ஏத்தும்போது எங்க அப்பாவுக்கு என்ன விலை கிடைக்கும்னே தெரியாது. வாசல்ல வண்டியோட நிக்கணும். அதே மாதிரி நானும் ஜனங்கள நிக்க வெச்சிருக்கேன் போல." நம் மாவட்டத்து மா விவசாயிகள் பெங்களூராவுக்கு விலை நிர்ணயிக்கச் சொல்லி சீசன்தோறும் கேட்பதன் வலி தெரிந்த வீட்டுப் பெண் அவர்.

அன்று இரவே கேப்ஷனை மாற்றிவிட்டார். மறுநாள் காலை எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "பிரைஸ் ப்ளீஸ்" ஒன்றிரண்டு இருந்தது. அதற்கு மேலே புதிதாக வந்திருந்தவை: "ஞாயிற்றுக்கிழமை டெலிவரி உண்டா?" "இரண்டு பெட்டி, பாகலூர் ரோடு." "காயாக வருமா, பழுத்து வருமா?"

அன்புடன்,
ஆசிரியர்