காத்திருப்பும் ஒரு கட்டணமே

கல்வியைக் காசுக்கணக்கிற் போடுதல் பாவம் என்று கருதும் அறிஞர் நம்மிடையே பலர் உளர். கல்வி வணிகமன்று, அதனை முதலீடு என்றழைப்பதே இழுக்கு என்பர் அவர். இதே அறிஞருள் எத்தனைபேர் தம் மக்களுக்குத் துறை தெரிவுசெய்யும்போது சம்பளத்தைப் பற்றி விசாரியாதிருந்தனர் என்பது வேறு விடயம். கணக்குப் பார்ப்பது தவறன்று. அரைகுறையாகப் பார்ப்பதே தவறு. இலவசக் கல்வி நிலவும் நம் நாட்டில் அந்த அரைகுறைக் கணக்கினால் நட்டமடைபவர் வறியவரே என்பதை இங்கு காட்ட விழைகின்றேன்.

உயர்கல்வியை முதலீடாக நோக்கும் எண்ணம் புதியதன்று. பெருஞ்செலவிற் கல்விபெற்ற மனிதனை விலையுயர்ந்த இயந்திரத்தோடு ஒப்பிட்டு அடம் சிமித் 1776இலேயே எழுதினார். அதனைப் பொருளியலின் தனித்துறையாக்கியவர்கள் தியோடர் ஷுல்ட்சும் கரி பெக்கரும் ஆவர். அவர்கள் வகுத்த முறை எளிது. பட்டத்தினால் வாழ்நாளிற் கிடைக்கும் மேலதிக வருமானத்தை ஒருபுறமும், கட்டணத்தையும் கற்கும் காலத்தில் இழந்த ஊதியத்தையும் மறுபுறமும் வைத்து, இரண்டையும் இன்றைய பெறுமதிக்குக் கொணர்ந்து ஒப்பிடவேண்டும்.

இங்கு “இன்றைய பெறுமதி” என்பதே உயிர்நாடி. நாளை வரும் ரூபாவும் இன்று கையிலுள்ள ரூபாவும் ஒன்றல்ல. பணவீக்கத்தைக் கழித்த வட்டி நூற்றுக்கு எட்டு எனின், பத்தாண்டின் பின் வரும் நூறு ரூபாவின் இன்றைய பெறுமதி 46 ரூபா. முப்பதாண்டின் பின் வரும் நூறு ரூபாவோ வெறும் பத்து ரூபா. பட்டத்தின் பயன் பெரும்பாலும் பிற்காலத்தில் வருவது. அதற்கான செலவோ இருபது வயதிலேயே முழுப் பாரத்துடன் வந்து நிற்பது.

தெமட்டகொடையில் புகையிரத நிலையத்தை அண்டிய ஒழுங்கையொன்றில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனைசெய்வோம். தந்தை புறக்கோட்டைக் கடையொன்றிற் சிப்பந்தி. மகன் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி இருபது வயதில் நிற்கின்றான். கடை முதலாளி அவனைக் கணக்கெழுத அழைக்கின்றார். மாதம் 40,000 ரூபா தருவதாகச் சொல்கின்றார். பல்கலைக்கழக அனுமதியும் கிடைக்கும்போலத் தோன்றுகின்றது. எண்கள் கணக்கின் பொருட்டு நான் எடுத்துக்கொண்டவையே; வாசகர் தம் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

அனுமதிக்கு ஓராண்டு, பட்டத்திற்கு நான்காண்டு, ஆக ஐந்தாண்டு அவனுக்கு ஊதியமில்லை. அதன்பின் பட்டதாரியாக மாதம் 70,000 பெறுவான் எனக் கொள்வோம். கடையில் இருந்திருந்தாற் பெற்றிருப்பதிலும் ஆண்டொன்றுக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம் அதிகம். அறுபது வயதுவரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இதனைக் கூட்டினால் 126 இலட்சம். இழந்த ஊதியமோ 24 இலட்சமே. ஐந்து மடங்கிற்கு மேல் இலாபம்! தனியார் பட்டநெறிகளை விளம்பரஞ் செய்வோர் பத்திரிகைகளிற் போடும் கணக்கு பெரும்பாலும் இத்தகையதே.

இனி அதே தொகைகளை எட்டு வீதத்திற் கழித்துப் பார்ப்போம். 126 இலட்சம் சுருங்கி ஏறக்குறைய 28 ½ இலட்சமாகின்றது. 24 இலட்ச இழப்பு 19 இலட்சம் அளவிலேயே நிற்கின்றது. தேறும் இலாபம் 9 இலட்சத்துச் சொச்சம். இலாபம் உண்டு, படிக்கப் போகலாம். ஆனால் ஐந்து மடங்கு என்ற மயக்கம் தீர்ந்துவிட்டது.

அடுத்து வருவதே என் வழக்கின் நடுப்புள்ளி. இம்மாணவனின் படிப்பு இரண்டாண்டு தாமதிக்கின்றது என வைத்துக்கொள்வோம். இது வீண் கற்பனையன்று. 1980களின் இறுதியிற் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலேயே நடந்தது. 2022க்குரியது 2023 தொடக்கத்தில் நடந்தது. இரண்டாண்டு தாமதித்தால் இழந்த ஊதியத்தின் இன்றைய பெறுமதி 25 இலட்சமாக உயர்கின்றது. பயனோ 24 இலட்சமாகத் தாழ்கின்றது. 9 இலட்ச இலாபம் முற்றாக அழிந்து, எண்பதினாயிரம் ரூபா நட்டம் எஞ்சுகின்றது. ஒரு சதமேனும் கட்டணம் அறவிடப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, கட்டணத்தை நீக்கியது. காலத்தின் விலையை நீக்கவில்லை. கட்டணத்தைப் பத்து ரூபா உயர்த்தினால் ஊர்வலம் செல்லும் நாம், ஓராண்டு வீணாவதை ஏன் கணக்கிலெடுப்பதில்லை? கட்டணத்திற்குப் பற்றுச்சீட்டு உண்டு, தாமதத்திற்கு இல்லை. காரணம் இதுவே போலும்.

வட்டிவீதம் எல்லார்க்கும் ஒன்றன்று என்பதையும் மறத்தலாகாது. வங்கியில் நிலையான வைப்பு வைத்திருக்கும் குடும்பத்திற்கு எட்டு வீதம் பொருந்தலாம். தாயின் சங்கிலியை அடகுவைத்து மாதத்தை ஒப்பேற்றும் குடும்பத்திற்குப் பன்னிரண்டும் குறைவு. பன்னிரண்டு வீதத்திற் பார்த்தால், எந்தத் தாமதமும் இல்லாத முதற் கணக்கே அறுபதினாயிரம் ரூபா நட்டத்தில் முடிகின்றது. ஒரே பட்டம், ஒரே சம்பளம். செல்வர் மகனுக்கு இலாபம், சிப்பந்தி மகனுக்கு நட்டம். மகாபொல உதவிநிதி இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கும். அது மாணவன் இழக்கும் ஊதியத்திற்கு ஈடாகாது. வறியவர் பிள்ளை படிப்பை விட்டுக் கடைக்குப் போனால், “கல்வியில் ஆர்வமில்லை” என்று தீர்ப்புக் கூறும் ஆசிரியர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

இக்கணக்கிற் பிழைபுகும் வாயில்களும் உண்டு. இன்றைய விலைமட்டத்துச் சம்பளத்தை வைத்துக்கொண்டு, வங்கிப் பலகையில் எழுதிய வட்டியாற் கழித்தல் பெரும்பிழை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை அணுகிய 2022 செப்டெம்பரில் அவ்வாறு கணித்திருந்தால், எப்படிப்பும் பயனற்றதெனவே விடை வந்திருக்கும். பட்டதாரியின் சராசரிச் சம்பளத்திலிருந்து மற்றவரின் சராசரியைக் கழிப்பதும் பிழையே. பல்கலைக்கழகம் புகுமளவிற்குத் திறமையுள்ளவன் கடையிலிருந்தாலும் மற்றவரிலும் மேலாகச் சம்பாதித்திருப்பான். அந்த மிகுதி பட்டத்தின் பயனன்று. இலங்கையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு றொனால்ட் டோர் 1976இல் எழுதிய ‘பட்ட நோய்’ என்னும் நூல், பட்டதாரிகள் பெருகப் பெருக அதே வேலைக்கு உயர்ந்த சான்றிதழ் கேட்கப்படுவதை விளக்கியது. ஆதலின் 70,000 என்ற நம் எண்ணும் நிலையாக நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

“கல்வியின் பயன் பணம் மட்டுமா?” என்று கேட்பார் உளர். பணம் மட்டுமன்று. சிந்தனைத் தெளிவையும் சமூகப் பயனையும் இக்கணக்கு அளக்காது. ஆயின் அப்பயனின் பெரும்பகுதியைச் சமூகம் பெறுகின்றது; காத்திருப்பின் விலையையோ தெமட்டகொடை ஒழுங்கையிலுள்ள ஒரு வீடு தனித்துச் செலுத்துகின்றது. இதனை நீதி என்பது எங்ஙனம்?

காத்திருக்கும் காலத்தில் வேலைசெய்யலாமே என்பது மற்றொரு மறுப்பு. திறக்கும் நாள் தெரிந்தாற் செய்யலாம். பதினான்கு மாதம் இடைவெளி என்று அறிந்தவனை முதலாளி பதினான்கு மாதத்திற்கு வைத்துக்கொள்வார். அடுத்த மாதம் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்பவனுக்குக் கணக்குப் புத்தகத்தை எவர் ஒப்படைப்பார்? நாளறிந்த தாமதத்தினும் நாளறியாத தாமதமே கொடிது. ஆதலின் நம் முதற்கோரிக்கை, அனுமதி நாளையும் விரிவுரை தொடங்கும் நாளையும் பட்டமளிக்கும் நாளையும் முன்கூட்டியே அறிவித்து, அவற்றைத் தவறாது காக்கவேண்டும் என்பதாகட்டும். அதற்குத் திறைசேரியிலிருந்து பெருந்தொகை எதுவும் தேவையில்லை.