யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும் முன்னுரை

ஆய்வேட்டின் முதல் பிரதி மேசைக்கு வந்ததும், அதன் முன்னுரையை மாணவர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்ற ஐயம் இன்று பல நெறியாளர்களுக்கு எழுகிறது. வாக்கியங்கள் தடங்கலின்றி ஓடுகின்றன, பிழை அதிகமில்லை, ஆனால் படித்து முடித்தபின் ஒன்றும் மனத்தில் நிற்பதில்லை. ஐயம் நியாயமானதுதான். ஆனால் இதே வாக்கியங்கள், சாட்ஜிபிடி வெளிவந்த 2022 நவம்பருக்கு வெகுகாலம் முன்பே நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சோத்கங்கா தளத்தில் ஏற்றப்பட்டிருக்கும் பழைய தமிழ் ஆய்வேடுகளில் பத்தின் முன்னுரைகளை வரிசையாகப் படிக்கும் எவருக்கும் இது தெரிந்துவிடும். எனவே, இயந்திர நடைபோல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதும், அந்த நடையை உண்டாக்கிய முன்னுரை அச்சைப் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும் என்பதும் நம் நிலைப்பாடு.

அந்த அச்சு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆய்வுத் தலைப்பு, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, கருதுகோள், முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம், ஆய்வு அணுகுமுறை, ஆய்வு முன்னோடிகள், இயல் பகுப்பு என்று உள்தலைப்புகள் வரிசையாக வரும். இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று தொடங்கும். ஆராய்வதே இவ்வாய்வின் நோக்கமாக அமைகிறது என்று நோக்கம் முடியும். விளக்கமுறை, பகுப்பாய்வு, ஒப்பீடு ஆகிய மூன்று அணுகுமுறைகளும் தேவைக்கேற்பப் பயன்படுத்தப்பட்டுள்ளதாக ஒரு வரி இருக்கும். முன்னுரை, முடிவுரை நீங்கலாக ஐந்து இயல்கள் என்று கணக்குச் சொல்லி முடியும். மூத்த மாணவரின் ஆய்வேட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுவது நம்மிடம் வழக்கம். அதை யாரும் களவாகக் கருதியதில்லை; முறை அப்படித்தான் என்றே நெறியாளர்களும் சொல்லிவந்தார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனை எடுத்துக்கொள்வோம். ‘ஜெயகாந்தன் புதினங்களில் சமூகச் சிக்கல்கள்’ என்று ஒரு தலைப்பு. அச்சுப்படி எழுதினால் முன்னுரை இப்படிப் போகும்: தமிழ்ப் புதின உலகில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றவர் ஜெயகாந்தன், அவருடைய புதினங்கள் சமூகச் சிக்கல்களை எடுத்துரைக்கின்றன, அவற்றை வெளிக்கொணர்வது இவ்வாய்வின் நோக்கம், அவர் படைப்புகளில் சமூகச் சிக்கல்கள் இடம்பெற்றுள்ளன என்பது இவ்வாய்வின் கருதுகோள். இப்போது ஜெயகாந்தன் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு நாவலாசிரியரின் பெயரைப் போடுங்கள். ஒரு வரியும் பொய்யாகாது. கருதுகோளைப் பாருங்கள்: அது தவறாகிப்போக வாய்ப்பே இல்லை. சமூகச் சிக்கல் இடம்பெறாத நாவல் எது? ஆய்வு தொடங்குமுன்பே முடிவு தெரிந்த இடத்தில் எவரும் நான்கு ஆண்டுகள் உழைக்கத் தேவையில்லை.

அதே மாணவர் அதே உள்தலைப்புகளுக்குள் வேறு விதமாகவும் எழுதியிருக்கலாம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் அந்நியன் ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டுப்போய் வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணுக்கு, அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அத்தோடு மூடிவிடுகிறாள். கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஜெயகாந்தன் அதே நிகழ்ச்சியை எடுத்து, அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிட்டால் என்னாகும் என்று எழுதுகிறார். நாவலுக்குள் அந்தப் பழைய கதையை எழுதிய எழுத்தாளராக ஆர்.கே.வி. என்ற பாத்திரமே வருகிறது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்குத்தான்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. அம்மாவின் ஒரு செய்கையை மாற்றியதும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் எவை எவை மாறுகின்றன, எவை மாறாமல் நிற்கின்றன? நோக்கம் இது. எல்லை, இந்த இரண்டு பிரதிகள் மட்டும். முதன்மை ஆதாரத்தில் நூல் பதிப்புகளோடு 1966ஆம் ஆண்டு விகடன் இதழ்களும் சேரும், ஏனென்றால் வாசகர்கள் முதலில் கதையைப் படித்தது அங்கேதான். கருதுகோள், நாவல் முந்தைய கதையை மறுக்கிறது என்பதாக இருக்கலாம். மறுக்கவில்லை, அந்தக் கதையின் மன்னிப்பு எவ்வளவு அரிதானது என்று காட்டுகிறது என்பதாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்று பிரதியின் முன் தோற்கும். இந்த முன்னுரையில் ஜெயகாந்தன் பெயரை மாற்றினால் அடுத்த வரியே உடைந்துவிடும்.

இயந்திர நடையோடு நம் முன்னுரைகள் ஒத்துப்போவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மொழி மாதிரி எனப்படும் இந்தக் கணினி நிரல், கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கற்றுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எழுதிச் செல்கிறது. தனியாகக் குறிப்பு ஏதும் கொடுக்காமல் ஒரு தலைப்பை மட்டும் தந்தால், பெரும்பாலோர் எழுதக்கூடிய வாக்கியத்தையே அது தரும். மூத்தவரின் ஆய்வேட்டைப் பார்த்து எழுதும் மாணவரும் அதையேதான் செய்கிறார்: இந்த இடத்தில் வழக்கமாக என்ன வரும் என்று பார்த்து அதை எழுதுகிறார். இருவரும் தலைப்பைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. இயந்திரத்தைப் பார்த்து அவர் எழுதியிருக்க வேண்டியதே இல்லை.

இயந்திர எழுத்தைக் கண்டறியும் மென்பொருள்களால் இவர்கள் இருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காண முடியாது. அவற்றில் பல, அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதையே முக்கியமாக அளக்கின்றன. எளிதில் ஊகிக்க முடிந்தால் இயந்திரம் என்கின்றன. அச்சில் வார்த்த முன்னுரை எப்போதும் எளிதில் ஊகிக்கத்தக்கதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களுக்குக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே தப்பித்துக்கொண்டன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று சொல்லி 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்திலேயே நிலைமை இதுவென்றால், தமிழ் ஆய்வேட்டின் மீது அப்படி ஒரு விழுக்காட்டைத் தீர்ப்பாகத் தூக்கி வைப்பது பெரும் அநீதி. கடலூர் மாவட்டத்து ஊர்களிலிருந்து தங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகச் சிதம்பரத்துக்கு வரும் பிள்ளைகள், முறைப்படி எழுது என்ற சொல்லை நம்பி எழுதியதற்காகவே அதில் மாட்டிக்கொள்வார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளும் இந்த நோயைத் தொடவில்லை. 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. பொதுவாக அறியப்பட்டதோ தற்செயலாக ஒத்துவருவதோ ஆன சொற்கள் தொடர்ச்சியாக 14 வரை வந்தாலும் விலக்கு உண்டு. ஆங்கிலத்தில் 14 சொல் என்பது பெரும்பாலும் ஒரு வாக்கியத்தின் பகுதி. தமிழில் வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 14 சொல்லுக்குள் ஒரு முழு வாக்கியம் அடங்கிவிடும், சில வேளை இரண்டும். ‘இவ்வாய்வேடு முன்னுரை, முடிவுரை நீங்கலாக ஐந்து இயல்களைக் கொண்டு அமைகிறது’ என்பதில் எட்டுச் சொற்களே இருக்கின்றன. ஆக, விதியின் கண்ணில் அச்சு முன்னுரை தூய்மையானது. புதிய மென்பொருளின் கண்ணில் அதுவே குற்றம். இரண்டுமே, இந்த மாணவர் எதையாவது கேட்கிறாரா என்று பார்க்கவில்லை.

சட்டகமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உலகெங்கும் ஆய்வு முன்னுரைக்குச் சட்டகம் உண்டு; ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விரிவாக வகுத்ததில், களத்தைச் சொல்லி, அதில் உள்ள இடைவெளியைக் காட்டி, அதை நிரப்பப் புகுவது என்ற மூன்று நகர்வுகள் இருக்கின்றன. நமக்கு அதைவிட மிகப் பழைய ஒன்று இருக்கிறது. நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றைச் சிறப்புப்பாயிரத்துக்கு உரியவையாக நன்னூல் வகுக்கிறது. இதைவிட இறுக்கமான அச்சு இல்லை. ஆனால் தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரத்தைப் பாருங்கள். எல்லைக்கு வடவேங்கடமும் தென்குமரியும் வருகின்றன. களத்துக்கு நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவை வருகிறது. கேட்டவர் அதங்கோட்டு ஆசான். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இடமோ ஓர் ஆளோ நிற்கிறார். அந்தப் பாயிரத்தை வேறொரு நூலின் தலையில் தூக்கி வைக்க முடியாது.

சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் மூன்று ஆண்டுகள் முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். ஏடு எந்த ஊரிலிருந்து கிடைத்தது, யார் கொடுத்தார், எந்த ஏட்டில் எந்தப் பகுதி சிதைந்திருந்தது என்று முகவுரைகளில் சொல்வது அவர் வழக்கம். அந்தத் தகவல்களை எந்த இயந்திரத்தாலும் ஊகித்து எழுத முடியாது; ஊர் ஊராக அலைந்தவருக்கு மட்டுமே அவை தெரியும். முன்னோடி ஆய்வுகள் என்ற தலைப்பின் கீழ் இன்று நாம் எழுதுவது பெரும்பாலும் பெயர்ப் பட்டியல். அந்த முன்னோடி எந்த இடத்தில் நின்றார், அதன்பின் எந்தக் கேள்வி மிச்சம் என்று ஒரு வரி எழுத, அந்த ஆய்வேட்டை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

ஆகவே மூன்று மாற்றங்களைக் கேட்கிறோம். இயல் எண்ணிக்கை, ஆதார வகை, அணுகுமுறையின் பெயர் போன்றவற்றை ஆய்வேட்டின் முன்பக்கத்தில் ஒரு படிவமாக நிரப்பச் சொல்லிவிடலாம். அவற்றுக்காக மாணவர் பத்துப் பக்கம் வாக்கியம் பின்ன வேண்டாம். முன்னுரை நான்கைந்து பக்கம் போதும், அதில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்றினால் பொய்யாகிவிடும் செய்திகள் மட்டுமே இருக்கட்டும். இரண்டாவதாக, கண்டறியும் மென்பொருளின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எந்த ஆய்வேட்டையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்றாவது நெறியாளர்களுக்கு. பதிவு செய்த முதல் ஆண்டிலேயே, கருதுகோள் தோற்றுப்போனால் அது எப்படித் தெரியும் என்று மாணவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தலைப்பை மாற்ற அப்போது நேரம் இருக்கும். இன்று அந்தக் கேள்வி, கேட்கப்பட்டால், வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளர் வாயிலிருந்துதான் வருகிறது. அதற்குள் ஆய்வேட்டுக்கு அட்டை போட்டாயிற்று.