குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது?

2014-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். பட்டப்பகல்.

சன்செட் பெருவீதிக்கு அடியில் ஓடிய 30 அங்குலக் குடிநீர்க் குழாய் திடீரென்று வெடித்தது. ரோட்டைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே பாய்ந்தது. பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. கூடைப்பந்து அரங்கம் மூழ்கியது. கார் நிறுத்தும் இடங்களில் நூற்றுக்கணக்கான கார்கள் தண்ணீரில் சிக்கிக்கொண்டன.

வீணான தண்ணீர் ஏறக்குறைய 2 கோடி காலன்!

வெடித்து 3 மணி நேரம் கடந்தும் தண்ணீர் நிற்கவில்லை. ஊரார் கோபப்பட்டார்கள். "ஒரு குழாயை மூட இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், வீட்டுக் குழாயைத் திருகி மூடுவது போல் ஊர்க் குழாயை மூடிவிட முடியாது.

இரண்டு பக்கமும் தண்ணீர்

வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருவது ஒரே வழியில். ஊர்க் குழாய் அப்படி அல்ல. அது வலை போலப் பின்னிக் கிடக்கிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கத்தில் இருந்து தண்ணீர் வரும். சாதாரண நாளில் இது நல்லது. குழாய் உடைந்த அன்று இதுதான் தொல்லை.

ஒரு ஊரை மனதில் நினைத்துக்கொள்ளலாம். சதுரமாக 4 தெருக்கள்: வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கிழக்குத் தெரு, மேற்குத் தெரு. 4 தெருவிலும் குழாய் ஓடுகிறது. 4 மூலையிலும் குழாய்கள் ஒன்றோடொன்று சேருகின்றன. வடமேற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி. தென்கிழக்கு மூலையில் இருந்து ஒரு கிளைக் குழாய் பிரிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அந்தக் கிளை அங்கேயே முடிந்துவிடுகிறது.

தெற்குத் தெருவின் நடுவில் குழாய் உடைந்துவிட்டது. எதை மூடுவது?

"தொட்டியையே மூடிவிடு" என்பார் ஒருவர். மூடலாம். ஊர் முழுவதும் தண்ணீர் நிற்கும். அதோடு போகாது. குழாய்கள் காலியானால், சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் குடிப்பவர் கதி என்ன?

வழி வேறு. குழாய் வரைபடத்தை விரிக்க வேண்டும். உடைந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும். அங்கிருந்து குழாய் போகும் திசையெல்லாம் விரலை நகர்த்த வேண்டும். வால்வு வந்தால் நிற்க வேண்டும். வால்வு இல்லாத மூலை வந்தால், அங்கிருந்து பிரியும் ஒவ்வொரு குழாயிலும் தொடர வேண்டும். ஒரு வழியைக்கூட விடக்கூடாது.

விரல் மேற்கே போகிறது. தெரு முனையில் 1-ம் வால்வு. நின்றாயிற்று.

கிழக்கே போகிறது. மூலையில் வால்வு இல்லை. அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. கிழக்குத் தெருவில் மேலே ஏறினால், அதன் வடக்கு முனையில் 2-ம் வால்வு. ஆஸ்பத்திரிக் கிளையில் திரும்பினால், அதன் தொடக்கத்திலேயே 3-ம் வால்வு.

ஆக, மூட வேண்டியவை மூன்று. தெற்குத் தெருவும் கிழக்குத் தெருவும் வறளும். மற்ற இரண்டு தெருக்களுக்கும் தண்ணீர் உண்டு.

அவசரக்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கிளை 3-ம் வால்வுக்கு அப்பால் இருக்கிறது. அந்தக் குழாய் உடையவில்லை. ஆனாலும் அங்கே தண்ணீர் வராது. அதற்கு வேறு வழியே கிடையாதே! எனவே, உடைந்த பகுதியைக் கண்டுபிடித்த பிறகு இன்னொரு முறை விரலை நகர்த்த வேண்டும். இந்த முறை தொட்டியில் இருந்து தொடங்க வேண்டும். எங்கே விரல் போய்ச் சேரவில்லையோ, அங்கெல்லாம் லாரித் தண்ணீர் அனுப்ப வேண்டும். வால்வை மூடும் முன்பே அனுப்ப வேண்டும்.

வால்வு ஏமாற்றினால்?

காகிதத்தில் வேலை முடிந்தது. இனி ரோட்டில்.

2-ம் வால்வின் மூடியைத் திறந்து, நீண்ட சாவியை இறக்கித் திருகுகிறார்கள். 6 அங்குல வால்வு முழுதாக மூட ஏறக்குறைய 20 சுற்று வேண்டும். அதனால் சுற்றை எண்ணிக்கொண்டே திருகுவது வழக்கம். 8-வது சுற்றில் இறுகி நின்றால், துருவோ மண்ணோ உள்ளே அடைத்திருக்கிறது. 40 சுற்று சுற்றியும் நிற்காமல் சுழன்றால், உள்ளே தண்டு முறிந்துவிட்டது. சாவிதான் சுற்றுகிறது, கதவு இறங்கவில்லை. எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதும் எல்லா வால்வுக்கும் ஒன்று அல்ல. தெரியாமல் பலத்தைக் காட்டினால் நல்ல வால்வும் முறியும்.

2-ம் வால்வு ஏமாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதை வால்வு என்றே எண்ணக்கூடாது. வெறும் குழாய் என்று எண்ணி விரல் மேலே போக வேண்டும். வடகிழக்கு மூலை. அங்கே வால்வு இல்லை. வடக்குத் தெரு வழியாகத் தொட்டிப் பக்கம் போனால், கடைசியில் 4-ம் வால்வு.

இப்போது மூட வேண்டியவை 1, 3, 4. வறளும் தெருக்கள் மூன்று! ஒரே ஒரு வால்வு கெட்டதற்கு ஒரு தெருவே தண்டம் கட்டுகிறது. 4-ம் வால்வின் மூடி தாருக்கு அடியில் புதைந்திருந்தால்? தொட்டியை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

நல்ல வால்வாக இருந்தாலும் சட்டென்று மூடக்கூடாது. ஓடிவரும் தண்ணீருக்கு வேகம் உண்டு. திடீரென்று தடுத்தால் அது சம்மட்டி போலக் குழாயை அடிக்கும். இன்னொரு இடம் வெடிக்கும். தண்ணீரின் வேகம் பெரும்பாலும் கடைசிச் சில சுற்றுகளில்தான் அடங்குகிறது. அந்தச் சுற்றுகளை மிக மெதுவாகத் திருக வேண்டும். லாஸ் ஏஞ்சல்சில் நேரம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் மேல் குற்றம்?

தெருவில் நிற்கும் வால்வுக்காரரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அது தவறு. தாமதம் அன்று உண்டானது அல்ல. ரோடு போட்டவர் மூடியைத் தாரால் மூடிவிட்டுப் போனாரே, அன்றே உண்டானது. புதுக் குழாய் பதித்தவர் அதை வரைபடத்தில் குறிக்காமல் போனாரே, அன்றே உண்டானது.

பல ஊர்களில் வரைபடம் அலுவலகத்தில் இல்லை. ஒரு மூத்த ஊழியரின் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் வரைபடமும் ஓய்வு பெற்றுவிடுகிறது!

ஒவ்வொரு வால்வையும் வருடத்துக்கு ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். எத்தனை சுற்று, எந்தப் பக்கம், முழுதாக மூடியதா என்று எழுத வேண்டும். கெட்ட வால்வை வரைபடத்தில் அன்றே சிவப்பில் குறிக்க வேண்டும்.

"பழைய வால்வைத் தொட்டால் உடைந்துவிடும்" என்று சொல்வார்கள். உண்மைதான். சில உடையும். ஆனால், ஆட்களும் உதிரிப் பாகமும் தயாராக இருக்கும் பகல் நேரத்தில் உடையட்டும். நடுராத்திரி, தெருவில் வெள்ளம் ஓடும்போது அது உடைந்த சங்கதி தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. வேலை முடிந்ததும், மூடிய வால்வுகளை எண்ணித் திறக்க வேண்டும். மெதுவாகத் திறந்து, உள்ளே புகுந்த காற்றையும் கலங்கல் நீரையும் முதலில் வெளியே விட வேண்டும். 1-ம் வால்வைத் திறக்க மறந்துவிட்டால் யாருக்கும் உடனே தெரியாது. தெற்குத் தெருவுக்குக் கிழக்குப் பக்கமாகத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். கொஞ்சம் வேகம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை வடக்குத் தெருவில் குழாய் உடையும்போதுதான், தெற்குத் தெருவும் ஏன் வறண்டது என்று எல்லோரும் விழிப்பார்கள்.