காற்று ஜூலையில்தான் வரும்

"ஜூன் கடைசிக்குள் ஊவா வாசத்தோடு தேயிலை வேண்டும்" என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டால், "பார்க்கலாம்" என்று எழுதிவிடுவது எளிது. வினையே அந்தப் "பார்க்கலாம்"தான். பதுளைப் பக்கத் தோட்டங்களில் அந்த வாசம் ஏறுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று மலையின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு வீசும் காலம் அது. இடையில் மழை இறங்கினால் அந்த வாரத்துக் கொழுந்து சாதாரணம்தான். பறித்த கொழுந்து மறுநாளே தூளாகிவிடும். கொழும்பு ஏலத்தில் விலைபோகத்தான் வாரக்கணக்கில் பிடிக்கும். ஆகவே நேராக எழுதுங்கள்: "ஜூனில் தரக்கூடியது சாதாரண ஊவாத் தேயிலை. நீங்கள் கேட்பதன் மாதிரி ஓகஸ்ட் நடுவில் வரும். பிடித்தால் செப்டெம்பர் கடைசியில் பாதி, ஒக்டோபரில் மீதி கப்பலேறும். காற்று பிந்தினால் ஓகஸ்ட் முதல் வாரத்திலேயே அறிவிப்போம்." கடைசி வரியைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் தன் விற்பனையைத் திட்டமிடுவது அதை வைத்துத்தான். அவருக்கு வேண்டியது வாசமா, ஜூனில் அலமாரி நிறைவதா என்பதும் அவர் பதிலில் தெரிந்துவிடும்.