மணற்படுகைக்கு y+ ஒன்று எதற்கு?

நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடுவோரிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. சுவரை ஒட்டிய முதல் செல் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ, விடையும் அவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதே அது. y+ என்ற எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஆய்வு தரமானது, முப்பதைத் தாண்டினால் மட்டமானது என்று பேசுகிறார்கள். வால் ஃபங்ஷன் பயன்படுத்தினால், பெரிய கணினி இல்லாதவர் எடுத்த குறுக்குவழி என்று முகம் சுளிக்கிறார்கள். விமான இறக்கைக்கும் வழவழப்பான குழாய்க்கும் உருவான இந்த விதியைத் தஞ்சைப் பகுதியின் பாசன ஆறுகள்மீது அப்படியே ஏற்றுவது தவறு. வீணாவது கணினி நேரம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆற்றில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்ற அடிப்படைக் கேள்விக்கே பிழையான விடை வருகிறது.

முதலில் இந்த எண் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். y+ = u*·y/ν. இதில் y என்பது சுவரிலிருந்து முதல் செல்லின் மையம் வரையுள்ள தூரம், ν தண்ணீரின் இயக்கப் பாகுநிலை, u* உராய்வுத் திசைவேகம். சுவர் தண்ணீரைப் பிடித்திழுக்கும் விசை எவ்வளவு என்பதை u* திசைவேகத்தின் அலகில் சொல்கிறது. வழவழப்பான சுவரில் y+ 5 வரைக்கும் பாகுநிலையின் ஆட்சி. 30-க்கு மேல் கொந்தளிப்பின் ஆட்சி. அங்கே திசைவேகம் தூரத்தின் மடக்கையாக உயர்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி எந்த எளிய சூத்திரத்துக்கும் கட்டுப்படாது. உதாரணமாக y+ 11-ஐ ஒட்டிய இடத்தில் நேர்கோட்டு விதியும் மடக்கை விதியும் u+ சுமார் 11 என்கின்றன. அளவீடுகளோ 9-க்குச் சற்றுக் குறைவாகவே காட்டுகின்றன. அங்கே முதல் செல்லை வைத்து நேர்கோட்டு விதியால் கணக்கிட்டால் சுவரின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வரும். 50-ல் இருந்த செல்லை, துல்லியம் கூடும் என்று நம்பி 11-க்கு இறக்குகிறவர் தன் விடையைக் கெடுத்துக்கொள்கிறார்.

இனி டெல்டாவுக்கு வருவோம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அதற்குக் கீழே நிலம் ஏறத்தாழ சமதளம். எடுத்துக்காட்டாக ஒரு மணற்படுகை ஆற்றை வைத்துக்கொள்வோம்: அகலமானது, ஆழம் 2 மீட்டர், 6 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு, மேனிங் எண் 0.025. சராசரித் திசைவேகம் நொடிக்கு 0.8 மீட்டர் வரும். u* நொடிக்கு 0.057 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பாகுநிலையைப் போட்டால், y+ ஒன்று என்பது படுகையிலிருந்து 0.014 மில்லிமீட்டர் தூரம். நடுத்தர ஆற்றுமணலின் ஒரு துகளோ அரை மில்லிமீட்டர். துகளின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு தூரத்தில் செல்லின் மையத்தை வைக்கிறோம். அந்த இடத்தில் சுவர் எங்கே தொடங்குகிறது, துகளின் தலையிலா, இரண்டு துகள்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலா? போதாததற்கு, ஓடும் தண்ணீர் மணலை அலையலையாக மடித்து வைக்கிறது. 0.025 என்ற மேனிங் எண்ணுக்கு இணையான சொரசொரப்பு உயரம் சுமார் 7 சென்டிமீட்டர். அந்த மடிப்புகளுக்கு நடுவே பாகுநிலை ஆளும் மெல்லிய அடுக்கு என்ற ஒன்றே கிடையாது. இல்லாத அடுக்கைப் பிடிக்கத்தான் செல்களை அடுக்குகிறோம்.

கணினி இதற்கு மறுப்புச் சொல்லாது. கொடுத்த தளத்தைக் கண்ணாடி போன்ற வழவழப்பாக எடுத்துக்கொண்டு, மிச்சப்பிழை நன்றாக இறங்கி, அழகான படத்தைத் தரும். ஆனால் 0.8 மீட்டர் வேகத்தில் வழவழப்பான படுகையின் இழுவிசை, உண்மையான மணற்படுகையின் இழுவிசையில் கால் பங்குகூட இருக்காது. அதே சரிவில் அதே அளவு தண்ணீரை விட்டால், 2 மீட்டர் ஆழத்தில் ஓட வேண்டியது சுமார் 1.2 மீட்டரில் ஓடுவதாகக் கணக்கு காட்டும். இந்த ஆறு தாங்கும் என்று நம்பி இன்னும் அதிகமாகத் திறக்கலாம் என்பவர், ஐப்பசி மழையில் கரை உடைவதைப் பார்ப்பார். மதகுக்குத் தண்ணீர் எட்டாது என்று முடிவெடுப்பவர், எட்டுகிற மதகையும் தேவையில்லாமல் இடித்துக் கட்டுவார்.

வால் ஃபங்ஷன் இந்த இடத்துக்காகவே இருக்கிறது. ஜெர்மனியில் நிக்குராட்ஸே குழாய்களின் உட்புறத்தில் மணலை ஒட்டி அளந்து, 1933-ல் வெளியிட்ட முடிவுகள் அதன் ஆதாரம். சொரசொரப்பு மிகுந்த சுவரில் பாகுநிலை கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது; u/u* = 2.44 ln(y/ks) + 8.5 என்று சொரசொரப்பு உயரமான ks மட்டும் பேசுகிறது. லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-ல் விளக்கிய வால் ஃபங்ஷன் முறை, முதல் செல்லுக்கு இத்தகைய அளவீட்டு அறிவை எடுத்துச் சென்று, சுவரின் இழுவிசையையும் கொந்தளிப்பின் அளவுகளையும் அங்கே தருகிறது. ஆகவே முதல் செல்லின் மையம் ks-க்கு மேலே இருக்க வேண்டும். மடக்கை விதி செல்லும் எல்லைக்குள், அதாவது ஆழத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். நம் ஆற்றில் இது 7 முதல் 40 சென்டிமீட்டர் வரை. 10 சென்டிமீட்டரில் வைத்தால் y+ சுமார் 7,000. முப்பது முதல் முந்நூறு என்று மனப்பாடம் செய்தவருக்கு இது திகைப்பாக இருக்கும். அந்த மேல் எல்லை இயற்கை விதியல்ல. ஓட்டம் பெரிதாகப் பெரிதாக அதுவும் உயரும். இங்கே 28,000 வரை இடமிருக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. ஷட்டருக்குக் கீழே தண்ணீர் பாய்ந்து குதிக்கும் இடத்திலும், பாலத்தூணின் பின்னால் ஓட்டம் சுவரை விட்டுப் பிரியும் இடத்திலும் மடக்கை விதியே செல்லாதே என்பார்கள். சரிதான். தூண் வழவழப்பான கான்கிரீட் என்றால் அதன் பரப்பில் y+ ஒன்றுக்கு இறங்கி, அதற்கேற்ற SST போன்ற மாதிரியை எடுக்கலாம். ஆனால் அதே தூணின் அடியில் மணல் அரிக்கப்படும் குழிக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அங்கும் துகள் துகள்தான். எந்த y+-க்கும் தானே பொருந்திக்கொள்ளும் கலப்பு முறைகள் வந்துவிட்டனவே என்பது அடுத்த மறுப்பு. வழவழப்பான சுவரில் அவை நல்ல உதவி. ஆனால் சொரசொரப்பு உயரத்தைப் பயனர் தராவிட்டால், படுகை மணலா கண்ணாடியா என்று அவற்றுக்குத் தெரியாது.

எது சரி என்று கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. சீரான ஓட்டத்தில் படுகையின் இழுவிசை தண்ணீரின் எடையும் சரிவும் சேர்ந்து தரும் விசைக்குச் சமமாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது சதுர மீட்டருக்கு 3.3 நியூட்டன். மாதிரி தரும் எண்ணை இதனோடு ஒப்பிடுங்கள். அடுத்து, முதல் செல்லின் மையத்தை 8, 12, 16 சென்டிமீட்டர் என்று மாற்றி ஓட்டுங்கள். இழுவிசை அசையாமல் நின்றால் நம்பலாம், நகர்ந்துகொண்டே போனால் நம்பக்கூடாது. y+ ஒன்று என்று பெருமையாக அச்சிடும் எந்த ஆய்வறிக்கையும், படுகையின் சொரசொரப்பு உயரம் எவ்வளவு, அதை எந்த அளவீட்டிலிருந்து எடுத்தோம் என்று சொல்லாதவரை, காவிரி ஆறுகளைப் பற்றி முடிவெடுக்க அதை மேசையில் வைக்கக்கூடாது.