கம்பெனி பெயரில் கடைவீடு: காப்பாற்றாத கவசம்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர் ஒருவர் கடைவீடு வாங்கப் போகிறார் என்றால், அவர் காதில் முதலில் விழும் அறிவுரை இதுதான்: "சொந்தப் பேருல வாங்காதீங்க. ஒரு செண்டிரியான் பெர்ஹாட் தொறந்து அதுல போடுங்க. வரி மிச்சம், நாளைக்குக் கடன்காரன் வந்தாலும் கை வைக்க முடியாது." சொத்து முகவர் சொல்கிறார், மைத்துனர் சொல்கிறார், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரும் சொல்கிறார். ஒன்றிரண்டு கடைவீடு வாங்கும் சாதாரணக் குடும்பத்துக்கு இந்த அறிவுரையின் இரண்டு பாதிகளும் தவறு.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 2010 முதல் 2013 வரை, வாங்கி ஐந்தாண்டு கழித்துச் சொத்தை விற்றால், விற்பவர் தனி மனிதரானாலும் கம்பெனியானாலும் ஆர்.பி.ஜி.டி. எனும் சொத்து ஆதாய வரி கிடையாது. 2014இல் கம்பெனிக்கு 5 விழுக்காடு வந்தது, குடிமக்களுக்கு வரவில்லை. 2019இல் அது 10 ஆனது. குடிமக்களுக்கும் 5 விழுக்காடு விதித்தார்கள். 2022 ஜனவரி முதல் குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து மறுபடியும் பூஜ்யம். கம்பெனிக்கு அந்த 10 விழுக்காடு அப்படியே நிற்கிறது. சட்டம் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை.

கணக்குப் போட்டே பார்ப்போம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் 10 லட்சம் வெள்ளிக்கு ஒரு கடைவீடு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து 16 லட்சத்துக்கு விற்கிறோம். ஆதாயம் 6 லட்சம். சொந்தப் பெயரில் இருந்தால் வரி ஒரு காசும் இல்லை. கம்பெனி பெயரில் இருந்தால், செலவுக் கழிவுகளை விட்டுப் பார்த்தால், 60,000 வெள்ளி.

"அதை விடுங்க, மாச வாடகையில மிச்சம் பிடிக்கலாமே" என்பார்கள். சிறு நிறுவனங்களுக்கு முதல் ஒன்றரை லட்சம் வருமானத்துக்கு 15 விழுக்காடுதான் வரி என்பது உண்மை. ஆனால் அது வணிக வருமானம் உள்ள நிறுவனத்துக்கான சலுகை. கட்டடத்தை வாங்கி வைத்து வாடகை மட்டும் வாங்கும் கம்பெனியை உள்நாட்டு வருமான வரி வாரியம் முதலீட்டு நிறுவனமாகவே பார்க்கிறது. அதற்கு முதல் வெள்ளியிலிருந்தே 24 விழுக்காடு. பராமரிப்பு, பாதுகாப்பு, துப்புரவு போன்ற சேவைகளை வாடகைதாரருக்கு முழுமையாக, முனைப்பாக வழங்கினால்தான் வாடகை வணிக வருமானம் ஆகும். மாதம் ஒரு தடவை போய் வாடகை வாங்கி வருவது அதில் சேராது.

செலவெல்லாம் போக ஆண்டுக்கு 40,000 வெள்ளி வாடகை மிஞ்சுகிறது என்போம். உரிமையாளருக்கு வேறு வழியில் 50,000 வெள்ளி வரிக்குரிய வருமானம் இருக்கிறது. சொந்தப் பெயரில் வாடகை வந்தால் அதற்குக் கூடும் வரி 6,000. கம்பெனி கட்டுவது 9,600. அவருடைய வருமானம் ஏற்கெனவே ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தால்? அப்போது அவருக்கு 25 விழுக்காடு, கம்பெனிக்கு 24. மிச்சம் ஆண்டுக்கு 400 வெள்ளி. கம்பெனிச் செயலாளர் கட்டணம், கணக்கு, வரி முகவர் கட்டணம் என்று ஆண்டுதோறும் போகும் பணத்துக்கு முன்னால் அந்த 400 எம்மாத்திரம்?

அடுத்தது பிள்ளைகள். கட்டடம் கடைசியில் பிள்ளைக்குத்தானே போகப் போகிறது? அப்பா தன் பெயரிலுள்ள 16 லட்ச வெள்ளிக் கடைவீட்டை அன்பளிப்பாக மகளுக்கு எழுதி வைத்தால், இருவரும் குடிமக்கள் என்ற நிலையில், ஆதாய வரி எழாது. 2023 ஏப்ரல் முதல் இத்தகைய மாற்றத்தில் முதல் 10 லட்சத்துக்கு முத்திரை வரியும் இல்லை, மீதிக்குப் பாதிதான். ஆகச் செலவு 12,000. இதே கட்டடத்தைக் கம்பெனியிலிருந்து மகள் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் முத்திரை வரி 48,000, ஆதாய வரி 60,000. கம்பெனிக்கு மகள் கிடையாது. அதனால் பாசத்துக்கான சலுகையும் கிடையாது. கட்டடத்துக்குப் பதிலாகப் பங்குகளை மாற்றலாம், விற்கலாம், அதற்கு முத்திரை வரியும் குறைவு என்பது சரிதான். ஆனால் பங்கை வாங்குபவர் அந்தக் கம்பெனியின் பழைய கடன், பழைய வரி, பழைய வழக்கு எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். அப்படி வாங்கத் துணிபவர் எத்தனை பேர்?

இனி அந்த "கடன்காரன் கை வைக்க முடியாது" என்ற பேச்சு. கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, மேசையில் கடன் பத்திரத்துடன் இன்னொரு தாளையும் வைக்கும். அது இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதம். கணவனும் மனைவியும் இயக்குநர்கள் என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முழுக் கடனுக்கும் இருவரில் எவரையும் வங்கி தனியாகவே கேட்கலாம். வாடகை நின்று, கட்டடம் ஏலத்தில் போய், கடனில் ஒரு லட்சம் வெள்ளி பாக்கி நின்றால் அது திவால் வழக்குக்குப் போதும். படிப்புக் கடனுக்கும் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கும் இலாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைச் சட்டம் திவாலிலிருந்து காக்கிறது. தன் கம்பெனிக்கு உத்தரவாதம் தந்த இயக்குநர் அந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார். கவசம் என்று நம்பியதை அந்த ஒரு கையெழுத்திலேயே கழற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

இதைவிட ஆபத்தானது, மளிகை வியாபாரம் நடத்தும் அதே கம்பெனியின் பெயரில் கடைக் கட்டடத்தையும் வாங்குவது. வியாபாரம் சரிந்தால் அரிசி போட்டவரும் மசாலா போட்டவரும் தீர்ப்பு வாங்கி வந்து கட்டடத்தைப் பிடிக்கலாம். வியாபாரம் கம்பெனியில், கட்டடம் சொந்தப் பெயரில், இரண்டுக்கும் நடுவில் முறையான வாடகை ஒப்பந்தம் என்று இருந்தால், நாம் உத்தரவாதம் தராத வியாபாரக் கடனுக்காகக் கட்டடத்தைத் தொட முடியாது. நம்மவர்கள் பலர் செய்வது இதற்கு நேர் எதிர்.

அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் பங்காளி நிறுவனத்தின் பெயரில் வாங்குகிறோம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. எஸ்.எஸ்.எம்.மில் பதிந்த அந்தப் பெயர் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அல்ல. நில அலுவலகம் அதைக் கிராண்டில் ஏற்றாது. கிராண்டில் வருவது அண்ணன் பெயரும் தம்பி பெயரும்தான். தொழிற்கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் தன் சொந்த வீடு வரை பொறுப்பு. வேறுவிதமாக எழுதி வைக்காவிட்டால் ஒருவர் இறந்த அன்றே கூட்டு கலைகிறது. கட்டடம் யாருடைய பங்கு என்ற சண்டை அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

கம்பெனி பொருந்தும் இடங்கள் உண்டு. உறவில்லாத நாலைந்து பேர் பணம் போட்டு வாங்கும்போது பங்குக் கணக்கு தெளிவாக இருக்கும். பல கட்டடங்களை முழுச் சேவையோடு தொழிலாகவே நடத்துபவருக்குச் சிறு நிறுவன வரி விகிதம் உண்மையிலேயே கைகொடுக்கும். குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கோ கம்பெனி எந்த வகையிலும் ஒத்துவராது. ஆயுளில் ஒரு தடவை தனி மனிதருக்குக் கிடைக்கும் குடியிருப்பு வீட்டு ஆதாய வரி விலக்கை அது இழக்கும். வீடு வாங்க வங்கி தரும் கடனுக்கும் கம்பெனிகளுக்கு 2011 டிசம்பர் முதல் 60 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு.

ஆகவே, அடுத்த தடவை யாராவது "கம்பெனி பேருல போடுங்க" என்றால், நான்கு தொகைகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஆண்டு வாடகை வரி, ஆண்டுக் கம்பெனிச் செலவு, பத்தாம் ஆண்டில் விற்றால் வரி, பிள்ளைக்கு மாற்றினால் வரி. பக்கத்தில் சொந்தப் பெயருக்கான அதே நான்கையும் எழுதட்டும். எழுதித் தர முடியாதவரின் அறிவுரைக்கு வாழ்நாள் சேமிப்பை ஒப்படைக்காதீர்கள்.